கடைசிக்கு முந்தைய அடி

கால்பந்தில் முட்டி ஜவ்வு கிழிந்தது என்றால், எதிரணிக்காரர் சறுக்கி வந்து காலை வாரிவிட்டிருப்பார் என்றுதான் முதலில் தோன்றும். ஆட்டங்களின் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லும் கதை வேறு. இத்தாலியத் தொழில்முறை ஆட்டங்களில் ஏ.சி.எல். கிழிந்த 134 சம்பவங்களை ஒரு குழு அலசி, 2020இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் முட்டியின் மேலேயே அடி விழுந்தவை 12 சதவீதம்தான். மற்றவர்களுக்கு ஒன்று யாருமே மேலே படவில்லை, அல்லது தோளிலோ இடுப்பிலோ ஓர் இடி விழுந்து நிலை குலைந்திருந்தது. ஓடிவந்தவர் நிற்க முயன்றபோது, திரும்ப முயன்றபோது, குதித்து இறங்கியபோது முட்டி போயிருக்கிறது.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, ஸ்வீடனின் மார்கஸ் வால்டனும் அவருடைய கூட்டாளிகளும் தொழில்முறை ஆண் வீரர்களின் 39 காயங்களை இதேபோலப் பார்த்தார்கள். மோதல் இல்லாத காயங்கள் பெரும்பாலும் மூன்று தருணங்களுக்குள் அடங்கின. பந்து வைத்திருப்பவரை மடக்க வேகமாக ஓடிவந்து, அவர் பாவ்லா காட்டியதும் பக்கவாட்டில் வெட்டித் திரும்புவது முதலாவது. அதுவே அதிகம். பந்தை உதைத்துவிட்டு நிலைக்கு வருவது இரண்டாவது. ஹெட் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது மூன்றாவது. அடிபடுகிறவர் பெரும்பாலும் பந்தோடு விளையாடுகிறவர் அல்ல, பந்தைத் துரத்துகிறவர். நம் ஊர் மைதானங்களில் பயிற்சி என்றால் பந்து வைத்திருப்பவருக்கான பயிற்சிதான். துரத்துகிறவருக்கு எப்படித் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு ஜவ்வுகளில் முன்புறத்தது ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமலும், உள்நோக்கி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது அதன் வேலை. முட்டி ஏறக்குறைய நீட்டியபடி இருக்கும்போது கால் தரையில் பட்டால், முன்தொடைத் தசை இறுகிக் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும். அதைப் பின்னால் பிடிக்க வேண்டியது பின்தொடைத் தசை. ஆனால் கால் நீட்டியிருக்கும்போது அந்தத் தசைக்குச் சரியான கோணம் கிடைப்பதில்லை. முட்டியை மடக்கினால் கிடைக்கும். நீட்டிய முட்டியோடு சேர்ந்து அது உள்பக்கமாகவும் சரிந்து, கீழ்க்காலும் முறுக்கிக்கொண்டால் ஜவ்வு தாங்காது. முட்டி ஒரு கதவுக் கீல் மாதிரி, முன்பின்னாக மடங்குவதற்காக அமைந்தது. பக்கவாட்டுத் திருகலை இடுப்பும் பாதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை வாங்காத மிச்சம் முட்டியின் தலையில் விழுகிறது.

இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. கூடைப்பந்து, கைப்பந்து வீராங்கனைகளின் காயக் காட்சிகளைப் பல கோண வீடியோக்களிலிருந்து கணினியில் மறுபடி உருவாக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், பாதம் தரையில் பட்டுச் சுமார் 40 மில்லி விநாடிக்குள் ஜவ்வு கிழிந்துவிடுகிறது என்று கணித்தார்கள். சாதாரணத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் அது ஒரே ஒரு பிரேம். ஆபத்தை உணர்ந்து, மூளை முடிவெடுத்து, தசை வேலை செய்ய அதைப்போல நாலைந்து மடங்கு நேரம் வேண்டும். கால் ஊன்றிய பிறகு ‘அய்யோ, முட்டி சரிகிறதே’ என்று திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லை. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே உடம்பு சரியான நிலையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இறங்கும் பயிற்சியும் வெட்டித் திரும்பும் பயிற்சியும் செய்வது இந்த ஒரு காரியத்தைத்தான். காலுக்குப் பலம் ஏற்றுவதைவிட, கால் வந்து சேரும் விதத்தை அவை மாற்றுகின்றன.

முதலில் இறங்குவது. கால்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து நின்று, முட்டியை மடக்கி ஒரு கணம் நிதானித்து, முடிந்தவரை உயரமாகக் குதிக்க வேண்டும். இறங்கும்போது முதலில் முன்பாதம் படும், பிறகு குதிகால். இடுப்பு நாற்காலியில் உட்காரப்போவதுபோலப் பின்னால் போகும், முட்டி மடங்கும், நெஞ்சு சற்று முன்னால் சாயும். எதிரே நின்று பார்த்தால் முட்டி பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும், கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. ஃபிஃபாவின் ‘11+’ வார்ம் அப் திட்டத்தில் இதை 30 விநாடி வீதம் இரண்டு முறை செய்யச் சொல்கிறார்கள்.

இது பிடிபட்டதும் பக்கவாட்டுத் தாவல். ஒற்றைக் காலில் நின்று சுமார் ஒரு மீட்டர் பக்கத்தில் தாவி, மற்றக் காலில் இறங்கி, ஆட்டம் நிற்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அவசரக்காரர்கள் இங்கே மாட்டுவார்கள். இறங்கியதும் ஒரு குட்டிக் குதி குதித்துச் சமாளிப்பார்கள், அல்லது நிற்காமலே அடுத்த பக்கம் தாவிவிடுவார்கள். அப்படிச் செய்தால் பயிற்சி வெறும் உடற்பயிற்சியாகிவிடும். நிற்பதுதான் பாடம். மூன்றாவது படியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் குதித்து, அந்தரத்தில் தோளோடு தோள் இடித்து, இரண்டு காலிலும் இறங்குவார்கள். ஆட்டத்தில் யாரும் நம்மை நிம்மதியாகக் குதிக்க விடுவதில்லை அல்லவா!

சொல்லித்தரும் விதத்தைப் பற்றி ஒன்று. ‘முட்டியை மடக்கு, இடுப்பைப் பின்னால் தள்ளு, நெஞ்சை நிமிர்த்து’ என்று அடுக்கினால் பையன் மரப்பாச்சி மாதிரி இறங்குவான். ‘சத்தம் வராமல் இறங்கு’ என்று ஒரே வாக்கியம் சொல்லிப் பாருங்கள். தன் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் குறைக்கச் சொன்னால், தரையில் மோதும் விசையும் குறைகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வில் கண்டார்கள். சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்றால் முட்டியும் இடுப்பும் மடங்கியே ஆக வேண்டும், அதை உடம்பே கண்டுபிடித்துக்கொள்ளும். பயிற்சியாளருக்கும் இது வசதி. இருபது பேர் ஒரே நேரத்தில் குதிக்கும்போது எல்லார் முட்டியையும் பார்க்க முடியாது. ‘தொப்’பென்று கேட்கும் பக்கம் திரும்பினால் போதும். மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நடுவில் கனமாகிவிட்டால் கால் சோர்ந்துவிட்டது என்று பொருள். அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி வெட்டித் திரும்புவது. இதுதான் கடினம், ஏனென்றால் இங்கே முட்டிக்கு நல்லதும் ஆட்டத்துக்கு நல்லதும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன.

இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் வலது காலை வெளியே ஊன்றித் தள்ளுகிறோம். கால் உடம்பிலிருந்து எவ்வளவு அகலமாகப் போகிறதோ அவ்வளவு கூர்மையாகத் திரும்ப முடியும். அதே அகலம்தான் முட்டிக்கு எமன். கால் அகலமாக ஊன்றி, மேலுடம்பும் அதே வலப் பக்கம் சாய்ந்துவிட்டால், தரை திருப்பித் தள்ளும் விசை முட்டியின் வெளிப்பக்கமாகக் கடந்து முட்டியை உள்ளே தள்ளுகிறது. பாதமும் உள்நோக்கித் திரும்பியிருந்தால் முறுக்கலும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வீரர்களுக்குக் காலை உடம்புக்கு நெருக்கமாக ஊன்றவும், மேலுடம்பை நிமிர்த்தி, போக வேண்டிய திசையைப் பார்க்கவும் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தபோது, முட்டியின் மேல் விழும் இந்தப் பக்கவாட்டுச் சுமை குறைந்தது. ஆனால் ‘காலை அகலமாக வைக்காதே’ என்று மட்டும் சொன்னால் டிஃபென்டர் கோபப்படுவார். பந்துக்காரர் அவரைத் தாண்டிப் போய்விடுவாரே!

இங்கேதான் கடைசிக்கு முந்தைய அடி வருகிறது. வலது காலால் திரும்புகிறவருக்கு அதற்கு முன் ஊன்றுவது இடது கால். பெரும்பாலான அமெச்சூர் வீரர்கள் அந்த இடது காலில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். முழு வேகத்தையும் வலது கால் ஒன்றே நிறுத்தி, அதுவே திருப்பியும் விட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே காலில், ஒரே கணத்தில் கேட்டால் முட்டி நீண்டுதான் போகும். பிரேக்கை ஓர் அடி முன்னாலேயே, இடது காலில் போட்டுவிட்டால் நிலைமை மாறும். அந்த அடியில் உடம்பு நேராக முன்னோக்கி இருக்கிறது, முட்டி நன்றாக மடங்கும், திருகல் இல்லை. வலது கால் ஊன்றும்போது திரும்பும் வேலை மட்டும் மிச்சம். லேசான வளைவுக்கு இவ்வளவு பிரேக் தேவையில்லை. திரும்பும் கோணம் கூரியதாக ஆக ஆக இந்த அடியின் மதிப்பு கூடிக்கொண்டே போகும். முழு வேகத்தில் வந்து செங்கோணத்தில் திரும்புவது உடம்பால் முடியாத காரியம். வேகத்தையோ கோணத்தையோ விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். முதலிலேயே விட்டுக்கொடுப்பதுதான் நல்ல டிஃபென்டிங்கும்கூட என்பது என் கருத்து. மெதுவாகி எதிரே நிற்பவரை ஏமாற்றுவது, பாய்ந்து வருபவரை ஏமாற்றுவதைவிடக் கடினம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் இரண்டு மாலை பயிற்சிக்கு வரும் ஒரு பக்கவாட்டு டிஃபென்டர். ஒரு கோன் வைத்து, ஐந்து மீட்டர் ஓடிவந்து அதனருகே இடப்பக்கம் வெட்டித் திரும்பச் சொல்கிறோம். கைபேசியை இடுப்பு உயரத்தில், கோனுக்கு நேர் எதிரே வைத்து ஸ்லோமோஷனில் எடுக்கிறோம். சாதாரண வேகத்தில் எடுத்தால் நமக்கு வேண்டிய கணம் இரண்டு பிரேமுக்கு நடுவே நழுவிவிடும். பார்த்தால் மூன்று குறைகள் தெரிகின்றன: வலது கால் மிக அகலம், மேலுடம்பு வலப்பக்கச் சாய்வு, முட்டி உள்சரிவு.

மூன்றையும் ஒரே நாளில் திருத்தப் போகக்கூடாது. முட்டிச் சரிவு பெரும்பாலும் விளைவு. காரணம் அதற்கு முந்தைய ஓட்டத்தில் இருக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கோனுக்கு ஒரு மீட்டர் முன்னால் தரையில் ஒரு கோடு கிழிக்கிறோம். ‘இடது காலை அந்தக் கோட்டருகே வைத்து, அங்கேயே பிரேக் போடு’ என்பது மட்டுமே கட்டளை. பக்கத்துக்கு ஆறு முறை, நடுவில் நடந்து திரும்பி வருவதே ஓய்வு. இரண்டாவது வாரம் அதே கோடு, ஆனால் கவனம் மேலுடம்பில். போகப்போகும் திசையில் ஒருவரை நிறுத்தி, கால் ஊன்றும்போதே அவருடைய கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறது என்று சொல்லச் சொல்கிறோம். கண் போனால் நெஞ்சும் போகும், சாய்வு தானே குறையும். இதற்குள் முட்டி ஓரளவு நேராகியிருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வேகம் ஏறலாம். ‘11+’ திட்டத்தில் நாலைந்து அடி மெதுவாக ஓடி, ஊன்றித் திரும்பி, ஐந்து முதல் ஏழு அடி 80 முதல் 90 சதவீத வேகத்தில் பாயச் சொல்கிறார்கள். வேகம் ஏறியதும் பழைய சாய்வு திரும்பி வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கோன் பாவ்லா காட்டுவதில்லை. எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த திருப்பத்துக்கும், கடைசி நொடியில் சைகை பார்த்துத் திரும்புவதற்கும் இடையே முட்டிச் சுமை இரண்டு மடங்குவரை வேறுபடுவதை 2001இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஆகவே நாலாவது படியில் பயிற்சியாளர் கோனுக்குப் பின்னால் நின்று, வீரர் நெருங்கும்போது இடமா வலமா என்று கையைக் காட்டுவார். முதலில் சைகை சீக்கிரம் வரும், பிறகு மெல்ல மெல்லத் தாமதமாகும். அதற்கும் மேல், பந்தோடு ஒருவர், மடக்க ஒருவர் என்று பத்து மீட்டர் கட்டத்தில் ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். அங்கே பார்க்க வேண்டியது பந்தை யார் பறித்தார் என்பதை அல்ல, துரத்துகிறவர் வந்து சேரும் அடிகள் சின்னச் சின்னதாகிறதா என்பதை.

இதெல்லாம் பலன் தருமா? பெரிய சான்று ஸ்வீடனிலிருந்தே வந்தது. வால்டன் குழுவினர் 2009 பருவத்தில் 12 முதல் 17 வயதுவரையான 4,564 வீராங்கனைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் சாதாரண கிளப் சிறுமிகள். பாதி கிளப்களில் வாரம் இரண்டு முறை 15 நிமிடம் ‘முட்டிக் கட்டுப்பாடு’ என்ற வார்ம் அப். ஒற்றைக்கால் உட்கார்ந்து எழுதல், இடுப்புத் தூக்கல், இரட்டைக்கால் உட்கார்ந்து எழுதல், முழங்கை ஊன்றிய பலகை நிலை, முன்னடி மடக்கல், குதித்து இறங்கல் என்று ஆறே பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் படிப்படியான கடினநிலைகள். கருவி என்று பார்த்தால் ஒரு பந்து மட்டும். பருவம் முடிந்தபோது பயிற்சி செய்த அணிகளில் 7 பேருக்கும், செய்யாத அணிகளில் 14 பேருக்கும் ஏ.சி.எல். கிழிந்திருந்தது. விளையாடிய நேரத்தையும் கணக்கில் எடுத்தால் 64 சதவீதக் குறைவு. வாரத்துக்கு ஒருமுறையாவது விடாமல் செய்தவர்களுக்குப் பலன் அதைவிட அதிகம். ஆண்களிலும், அமெரிக்கக் கல்லூரி அணிகள் ‘11+’ செய்தபோது இதே திசையில் முடிவு வந்தது.

வீடியோவில் முட்டி சரிகிறவரைக் கண்டுபிடித்து அவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நார்வேயில் உயர்மட்டக் கால்பந்து, கைப்பந்து வீராங்கனைகள் எழுநூறு பேருக்கு மேல் குதிக்கவைத்து அளந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். யாருக்குக் கிழியும் என்பதை அந்த அளவீடுகளால் முன்கூட்டிப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைபேசி வீடியோ திருத்துவதற்கு உதவும், ஜோசியத்துக்கு உதவாது. மொத்த அணியும் செய்ய வேண்டியதுதான். ஒருவர் மட்டும் விலக்கு. விளையாடும்போது முட்டியில் ‘டக்’கென்று ஏதோ உடைந்ததுபோல உணர்ந்து, சில மணி நேரத்தில் வீங்கி, பிறகு நடக்கையில் முட்டி நழுவுகிறவர். அவர் போக வேண்டிய இடம் எலும்பு மருத்துவரிடம்.

பயிற்சியால் தொட முடியாதவையும் உண்டு. நேரடியாக முட்டியில் விழும் அடியை எந்த வார்ம் அப்பும் தடுக்காது. தரையை அதிகம் கவ்விக்கொள்ளும் ஷூவில் பாதம் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். எந்த ஷூவில், எந்தத் தரையில் ஆடுகிறோமோ அதிலேயே பயிற்சியும் செய்வது நல்லது. சென்னையில் வாடகை டர்ஃபுக்கு அலுவலகம் முடிந்து நேரே வருகிறவர்களின் சிக்கல் வேறு. மணிக்கணக்கில் காசு கட்டிவிட்டுப் பதினைந்து நிமிடத்தைக் குதித்துக் கழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. குதித்து இறங்கவும் பக்கவாட்டில் தாவவும் ஆளுக்கு இரண்டு மீட்டர் இடம் போதும். முந்தைய குழு ஆடி முடிக்கும்வரை வலைக்கு வெளியே நின்று அதை முடித்துவிடலாம். வெட்டித் திரும்புவதற்கு மட்டும் உள்ளே ஐந்து நிமிடம். நேரமே இல்லை என்று முனகும் அணிகளுக்காக ஆஸ்திரேலியாவில் ‘11+’ திட்டத்தின் பலப் பயிற்சிப் பகுதியை ஆட்டப் பயிற்சியின் கடைசிக்கு நகர்த்திப் பார்த்தார்கள். வீரர்கள் அதை முன்னைவிட அதிகமாகச் செய்தார்கள், கடுமையான காயங்களும் குறைந்தன.

உண்மையான எதிரி சலிப்பு. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்வீடனில் பயிற்சி செய்யாத அணிகளில் ஒரு பருவத்துக்குக் கிழிந்தது நூற்றுக்கு 0.67 பேருக்கு. இருபது பேர் கொண்ட ஓர் அணிக்கு அது ஏழெட்டு பருவத்துக்கு ஒரு முட்டி. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 0.28. அதாவது பதினெட்டு பருவத்துக்கு ஒன்று. எந்தப் பயிற்சியாளரும் ஒரே அணியோடு பதினெட்டு பருவம் இருப்பதில்லை, வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பதும் இல்லை. இரண்டு பருவம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ‘இது தேவையா’ என்று விட்டுவிடுவார். செய்துகொண்டிருக்கும்போதே ஒருவருக்குக் கிழிந்துவிட்டால் ‘இதனால் பயனில்லை’ என்றும் விட்டுவிடுவார். ஆகவே காயங்களை எண்ணுவதைவிட, வாரத்தில் எத்தனை நாள் எத்தனை பேர் செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே கோனருகே அதே கோணத்தில் வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவதும்தான் கைக்கு எட்டும் அளவுகோல். அந்த ஒப்பீட்டில் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டிய பிரேம், திரும்பும் கால் ஊன்றுவதற்கு முந்தையது.